இருபது படம், இருபது நொடி: ஒரு ஷட்டர் எழுத்துக் கதையை வைத்து முழு வழிகாட்டி

2003இல் தோக்கியோவில் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பேச வருகிறவர் 20 படம் கொண்டுவரலாம். ஒவ்வொரு படமும் 20 நொடி திரையில் நிற்கும், பிறகு தானாக மாறிவிடும். மொத்தம் 400 நொடி, அதாவது 6 நிமிடம் 40 நொடி. கையில் மைக்கைக் கொடுத்தால் வடிவமைப்பாளர்கள் விடமாட்டார்கள் என்பதுதான் இதற்குக் காரணம். ‘பெச்சாகுச்சா’ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் வளவளவென்று அரட்டையடிப்பதைக் குறிக்கும் சொல் அது.

போன வருடம் பெங்களூரில் என் தோழி ஒருத்தி இந்த வடிவத்தில் தமிழில் பேசினாள். அவளுடைய அப்பா பெயர்ப்பலகை எழுதுகிறவர். சிவாஜிநகர் பக்கம் கடை ஷட்டர்களில் எனாமல் பெயிண்டில் எழுதுவார். அவரைப் பற்றித்தான் பேச்சு. தயாரிப்பில் ஆரம்பத்திலிருந்து கூட இருந்தேன். இந்த வடிவத்தில் நானே இரண்டு முறை பேசியிருக்கிறேன், முதல் முறை படுமோசம். அதனால் அவளுடைய பேச்சை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, படங்களே கதையைத் தூக்கிக்கொண்டு போகும்படி ஒரு பேச்சை எப்படிக் கட்டுவது என்று சொல்கிறேன்.

முதலில் கதையைச் சுருக்குங்கள்

அவள் முதலில் எழுதிக் கொண்டுவந்த தலைப்பு ‘பெங்களூரின் பெயர்ப்பலகைக் கலை’. அப்பா ஊரைவிட்டு வந்தது, தொழில் கற்றது, பிளெக்ஸ் வந்தது, தொழில் படுத்தது, கன்னட எழுத்தின் அழகு என்று எல்லாம் அதில் இருந்தது. 400 நொடியில் இதைச் சொல்ல முயன்றால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தகவல் கிடைக்கும். கேட்பவருக்கு ஒரு பட்டியல் மிஞ்சும்.

படம் கதை சொல்ல வேண்டுமானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் ஏதாவது மாறியிருக்க வேண்டும். அதனால், கண்ணுக்கு முன்னால் மாறுகிற ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வதுதான் சுலபமான வழி. “அப்பா கடைசியாக எழுதியது என்ன?” என்று கேட்டேன். மளிகைக் கடை ஷட்டர் ஒன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினார் என்றாள். ஏன் ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்குத்தான் அந்தக் கடைக்கு விடுமுறை. எனாமல் காயச் சில மணி நேரமாகும், நன்றாக இறுக ஒரு இரவு வேண்டும். ஈரத்தோடு ஷட்டரைச் சுருட்டினால் எழுத்து ஒன்றோடொன்று ஒட்டி உரிந்துவிடும்.

பிறகு சாதாரணமாக இன்னொன்றைச் சொன்னாள். “திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் எழுத்தே தெரியாது. ராத்திரி ஷட்டரை இறக்கினால்தான் தெரியும்.”

பேச்சு அங்கேயே கிடைத்துவிட்டது. நாள் முழுக்க நின்று எழுதியது, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. வாய் திறக்காமல் மூன்று படத்தில் காட்டிவிடலாம். உங்கள் பொருளிலும் இப்படி ஒன்றைத் தேடுங்கள்: பார்த்தாலே புரிகிற, சொன்னால் சப்பென்று போகிற ஒரு திருப்பம். அது கிடைத்தால் அதைக் கடைசி மூன்று படத்துக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற பதினேழையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே அடுக்குங்கள். கிடைக்கவில்லை என்றால் தலைப்பு இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

படம் எடுப்பது

ஏற்கெனவே கைப்பேசியில் கிடக்கும் படங்களிலிருந்து இருபதைப் பொறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாப் படமும் ஒரே தூரத்திலிருந்து, நின்ற உயரத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். இருபதும் ஒரே படம் மாதிரித் தோன்றும்.

அப்பா அடுத்து இன்னொரு ஷட்டர் எழுதப் போகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போனோம். கடைக்காரரிடம் முன்பே கேட்டு அனுமதி வாங்கினோம். எதிர்ச் சாரியில் ஒரு மின்கம்பத்தை ஒட்டித் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டோம். காலை 8 மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அதே குறியில் நின்று, அதே உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து ஒரு படம் எடுத்தோம். திங்கட்கிழமை காலை, மாலை, இரவு மூன்று முறையும் அதே குறிக்குத்தான் போனோம். ஒரே இடத்திலிருந்து எடுத்த படங்கள் திரையில் அடுத்தடுத்து வரும்போது, பார்ப்பவருடைய கண் தானாக எது மாறியிருக்கிறது என்று தேடும். நாம் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

அந்தக் குறியைத் தவிர மற்ற நேரத்தில் மூன்று தூரத்திலிருந்து எடுத்தோம். தெரு முழுக்கத் தெரியும்படி சில, ஆள் முழுதாகத் தெரியும்படி சில, கையும் பிரஷ்ஷும் மட்டும் தெரியும்படி மிக அருகிலிருந்து சில. அருகுப் படம் குறைந்தது ஆறாவது வேண்டும். அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எடுபடுவது அதுதான்.

கைப்பேசியைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். திரை அகலமானது. நிமிர்ந்த படத்தை அதில் போட்டால் இரண்டு பக்கமும் காலியாகும். பழைய படம், நிமிர்ந்த படம் என்று தவிர்க்க முடியாதவை இருந்தால் கறுப்புப் பின்னணியில் அப்படியே நடுவில் வையுங்கள். இழுத்து அகலப்படுத்தினால் ஆள் குண்டாகிவிடுவார். அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் பரப்புவதும் எனக்குப் பிடிக்காது, தொலைக்காட்சிச் செய்தி மாதிரி இருக்கும்.

அவளுடைய அப்பா இளைஞராக ஒரு லாரி பக்கத்தில் நிற்கும் பழைய படம் ஒன்று ஆல்பத்தில் இருந்தது. ஸ்கேனர் தேடி அலையவில்லை. ஜன்னல் ஓரத்தில் தரையில் வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுத்தோம். பளபளப்புத் தாளில் வெளிச்சம் அடித்ததால் படத்தை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பியதும் சரியாகிவிட்டது.

படங்களை ஒருவருக்கொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கேலரியிலிருந்து அனுப்பாதீர்கள், அளவு சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஸ்லைடு 1920க்கு 1080 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், படம் அகலத்தில் அதற்குக் குறையாமல் இருந்தால் போதும்.

அடுக்குவது

அறுபது எழுபது படம் சேர்ந்தது. சின்ன அளவில் அச்செடுத்து வீட்டுக் கூடத்தில் தரையில் பரப்பினோம். கணினித் திரையில் இதைச் செய்யாதீர்கள். தரையில்தான் ஒரே பார்வையில் இருபதும் தெரியும், ஒன்றைத் தூக்கி இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “என்னம்மா, எல்லாத்துலயும் என் மூஞ்சியே இருக்கு. எழுத்து எங்கே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. முகம் தெரியும் படங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டோம்.

கடைசியில் வந்த வரிசை இது.

முதல் படம் மிக அருகில்: ஒரு கை, பிரஷ், ஷட்டரின் வரிப்பள்ளங்கள். முகம் இல்லை, கடை இல்லை. எங்கே, யார் என்று தெரியாது. இரண்டாவது, பெருக்கல் குறியிலிருந்து எடுத்த வெற்று ஷட்டர், அதன் முன்னால் சின்னதாக ஓர் ஆள். மூன்றாவது, ஞாயிறு காலையில் வெறிச்சோடிய தெரு. நான்காவது பழைய லாரிப் படம். ஐந்தாவது, திறந்து கிடக்கும் பெயிண்ட் பெட்டி.

ஆறாவதில் ஷட்டரின் குறுக்கே இழுத்துப் பிடித்த நூல். ஏழாவதில் அந்த நூல் சுண்ணாம்புக் கோடாக ஷட்டரில் பதிந்திருக்கிறது. எட்டாவதில் சுண்ணக்கட்டியில் முதல் கன்னட எழுத்தின் உருவரை. ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் குறியிலிருந்து எடுத்தவை: உருவரை முழுதும், பாதி நிறம், முக்கால் நிறம். பன்னிரண்டாவது, படிக்கட்டில் வைத்த டீ கிளாஸ்.

பதின்மூன்றாவதும் பதினான்காவதும் ஒரு ஜோடி. பதின்மூன்றில் ஓர் எழுத்து மிக அருகில், வரிப்பள்ளங்களில் உடைந்து உடைந்து, எழுத்தென்றே சொல்ல முடியாதபடி. பதினான்கில் அதே எழுத்து எதிர்ச் சாரியிலிருந்து, வழுவழுவென்று வளைந்து. உடைந்த வளைவைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படிச் சேரும் என்று கணக்குப் போட்டு எழுதுவதுதான் அவருடைய திறமை. அதைச் சொல்லி விளக்க அவள் பத்து வரி எழுதி வைத்திருந்தாள். இந்த ஜோடி வந்ததும் பத்து வரியும் போய்விட்டது.

பதினைந்தில் பக்கத்துக் கடையின் பிளெக்ஸ் பலகை. பதினாறில் அப்பா தன் கூலிக் கணக்கு நோட்டைப் புரட்டுகிறார். பதினேழில் இரவு, எழுதி முடித்த ஷட்டரின் குறுக்கே கயிறு கட்டி, பெயிண்ட் ஈரம் என்று எழுதிய அட்டை. பதினெட்டு, திங்கள் காலை: ஷட்டர் மேலே ஏறிவிட்டது, கடையில் கூட்டம், எழுத்து இல்லை. பத்தொன்பது, மாலை, அதே இடம், இன்னும் இல்லை. இருபது, இரவு பத்தரை: ஷட்டர் இறங்கியிருக்கிறது, தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுத்து.

இந்த வரிசையில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. இருபது படம் என்றால் இருபது செய்தி இல்லை. ஆறும் ஏழும் சேர்ந்து 40 நொடிக்கு ஒரே செயல்; ஒன்பது முதல் பதினொன்று வரை ஒரு முழு நிமிடத்துக்கு ஒரே காட்சி. இப்படி இரண்டாகவும் மூன்றாகவும் கட்டினால் 20 நொடிக்கு ஒருமுறை புதிதாக ஆரம்பிக்கும் தொல்லை போய்விடும். சுமார் பத்துக் கட்டாகப் பிரித்தால் போதும்.

அப்புறம், திரையில் சொற்கள் வேண்டாம். எழுத்திருந்தால் கேட்பவர் முதலில் அதைப் படிப்பார், அதுவரை உங்கள் குரல் அவருக்கு விழாது. இந்தப் பேச்சில் திரையில் இருந்த எழுத்தெல்லாம் படத்துக்குள்ளேயே இருந்தவை.

வாய் மூடிச் சோதனை

பேச்சை எழுதுவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். பொருளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, இருபது படத்தையும் 20 நொடி வீதம் ஓடவிடுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. முடிந்ததும் என்ன கதை என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் அவளுடைய பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டோம். ஷட்டர், நூல், எழுத்து, காயவைப்பது எல்லாம் சரியாகச் சொன்னார். பதினைந்தாவது படத்தை, “இதையும் அவர்தான் எழுதினாரா?” என்று கேட்டார். பிளெக்ஸ் பலகை அச்சடித்தது என்று படத்தில் தெரியவில்லை. வேறு படம் எடுத்தோம்: வெயிலில் வெளுத்து, ஓரம் கிழிந்து தொங்கும் பிளெக்ஸ். கிழிசலைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். நான்காவது படத்தில் நிற்பது யார் என்றும் அவருக்குப் புரியவில்லை. அதை மாற்றவில்லை. ‘அது என் அப்பா’ என்பதைப் படத்தால் சொல்ல முடியாது, வாயால்தான் சொல்ல முடியும்.

இந்தச் சோதனை முடியும்போது உங்கள் கையில் இரண்டு பட்டியல் இருக்கும். படத்திலிருந்தே அவருக்குப் புரிந்தவை ஒன்று, புரியாதவை ஒன்று. பேச்சில் முதல் பட்டியலைத் தொடவே வேண்டாம். இரண்டாவது பட்டியல்தான் பேச்சு.

சொல்லை அளப்பது

ஆங்கிலத்துக்குச் சொல்லும் சொல் கணக்கைத் தமிழுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நம் சொற்கள் நீளம். ‘எழுதிக்கொண்டிருந்தபோது’ நமக்கு ஒரே சொல். நீங்கள் எழுதிய ஏதாவது ஒரு பத்தியை இயல்பாக ஒரு நிமிடம் வாசித்து, எத்தனை சொல் வந்தது என்று எண்ணி மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நிமிடத்துக்கு 96 வந்தது, ஆக 20 நொடிக்கு 32. தோழி கொஞ்சம் வேகம், 36 வந்தது.

ஆனால் முழுவதையும் நிரப்பக் கூடாது. புதுப் படம் வந்ததும் பார்ப்பவருக்கு இரண்டு மூன்று நொடி வேண்டும், அந்த நேரத்தில் நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும். மேடையில் ஒரு சிரிப்பு, ஓர் இருமல், ஒரு தடுமாற்றம் எல்லாம் நேரம் தின்னும். அதனால் உங்கள் கணக்கில் நான்கில் மூன்று பங்கு மட்டும் எழுதுங்கள். எனக்கு 24 சொல், அவளுக்கு 27.

ஆறாவது படத்துக்கு அவள் முதலில் எழுதியது: ‘இந்தப் படத்தில் அப்பா சுண்ணாம்பு தடவிய நூலை ஷட்டரின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் கோடு போடுகிறார். இப்படிக் கோடு போட்டால்தான் எழுத்து நேராக வரும்.’ திரையில் தெரிவதையே வாயும் சொல்கிறது. ‘இந்தப் படத்தில்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எல்லாமே இப்படித்தான் முடியும். எழுதி முடித்ததும் அந்தச் சொற்களைத் தேடி அடித்துவிடுங்கள்.

மாற்றி எழுதியது: ‘நூலின் மறுமுனையை யாராவது பிடிக்க வேண்டும். என் எட்டு வயதிலிருந்து அது என் வேலை. கை ஆடினால் கோடு கோணும். அப்பா திட்ட மாட்டார். அழித்துவிட்டு மறுபடி நூலைக் கொடுப்பார்.’ 22 சொல். படத்தில் நூல் இருக்கிறது, சொல்லில் எட்டு வயதுப் பிள்ளை இருக்கிறாள். அவள் படத்தில் இல்லை, ஆனால் கேட்பவர் மறுமுனையில் அவளை நிற்கவைத்துப் பார்த்துவிடுவார்.

ஏழாவது படத்துக்கு வெறும் ஆறு சொல்: ‘விரலால் ஒரு சுண்டு. கோடு விழுந்துவிடும். அவ்வளவுதான்.’ மீதி நேரம் மௌனம். இப்படி ஆறேழு படத்துக்கு ஒன்றை மூச்சுவிடும் இடமாக வையுங்கள். அவளுக்கு ஏழும் பன்னிரண்டும் பதினேழும். ஆறாவது படத்தில் நான்கு நொடி பிந்தியிருந்தால் ஏழாவதில் ஈடுகட்டிவிடலாம். மூச்சு இடம் இல்லாத பேச்சில் அந்த நான்கு நொடி கடைசிப் படம் வரைக்கும் கூடவே வரும். என் முதல் பேச்சில் அதுதான் நடந்தது. மூன்றாவது படத்தில் பிந்தினேன், பதினொன்றாவது வரும்போது ஒரு முழுப் படம் பின்னால் இருந்தேன். திரையில் கோயில் குளம், என் வாயில் இன்னும் பேருந்து நிலையம்.

தகவல் எங்கே வைப்பது? அதிகம் வேண்டாம், ஒன்றிரண்டு போதும், அதுவும் படம் அசையாமல் நிற்கும் இடத்தில். 2024இல் கர்நாடகத்தில் பெயர்ப்பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு அந்தச் சமயத்தில் கொஞ்சம் வேலை கூடியது. இதை அவள் பத்தாவது படத்தில் சொன்னாள். ஒன்பது, பத்து, பதினொன்று மூன்றும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவை என்பதால் கண்ணுக்கு வேலை குறைவு, காதுக்கு ஒரு எண்ணைக் கொடுக்கலாம். கூடவே, அப்பா கன்னட எழுத்தை முதலில் கற்றது வாசிக்க இல்லை, படமாக வரையத்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டாள். பதின்மூன்று பதினான்கு மாதிரி கண்ணுக்கு நிறைய வேலை இருக்கும் இடத்தில் எண் சொன்னால் அது வீண்.

கடைசி மூன்று படத்துக்கு என்ன சொல்வது என்று நாங்கள் சண்டை போட்டோம். பதினெட்டில், ‘திங்கட்கிழமை காலை ஏழு மணி. நல்ல வியாபாரம்.’ பத்தொன்பதில், ‘எழுத்து எங்கே என்று தேடுகிறீர்களா?’ என்று அவள் வைத்திருந்தாள். வேண்டாம் என்றேன், அவர்கள் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்குப் பதில், ‘சாயங்காலம் ஆறு. இன்னும் நாலு மணி நேரம்.’ என்று வைத்தோம். எதற்கு நாலு மணி நேரம் என்று சொல்லவில்லை. இருபதாவதுக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை.

இயந்திரத்தில் ஏற்றுவது

பவர்பாயிண்டில் இருபது ஸ்லைடையும் தேர்ந்தெடுத்து `Transitions` பட்டைக்குப் போங்கள். விளைவு `None` ஆக இருக்கட்டும். `On Mouse Click` எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். `After` எதிரே குறி வைத்து `00:20.00` என்று கொடுங்கள். `Apply To All` அழுத்துங்கள். அசைவு விளைவுகள் எதுவும் சேர்க்காதீர்கள். அவை இருந்தால் ஸ்லைடு 20 நொடியைத் தாண்டி நீளக்கூடும். ஏற்றி முடித்ததும் நிறுத்தக் கடிகாரம் வைத்து ஒருமுறை முழுக்க ஓடவிடுங்கள். 6:40இல் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எங்கோ ஒரு ஸ்லைடில் விளைவு ஒளிந்திருக்கிறது.

முதல் படத்துக்கு முன்னால் வெறும் கறுப்பில் ஒரு ஸ்லைடு சேர்த்து, அதற்கு மட்டும் நேரத்தை எடுத்துவிட்டுச் சொடுக்கினால் நகரும்படி வையுங்கள். நீங்கள் மேடைக்கு வந்து மூச்சு வாங்கும் வரை அது நிற்கும். இருபதாவதுக்குப் பிறகும் ஒரு கறுப்பு. இல்லாவிட்டால் கதை முடிந்ததும் திரையில் மென்பொருளின் சாளரம் பல்லைக் காட்டும்.

கூகுள் ஸ்லைட்ஸில் தானாக நகரும் நேரத்துக்கான பட்டியலில் 15 நொடியும் 30 நொடியும் இருக்கின்றன, 20 இல்லை. `Publish to web` மூலம் கிடைக்கும் முகவரியின் கடைசியில் இருக்கும் எண்ணைக் கையால் மாற்றிக்கொள்ளலாம்:

```
.../pub?start=false&loop=false&delayms=20000
```

நேரம் மில்லிநொடியில் இருப்பதால் 20000. அந்த முகவரி தெரிந்த யாரும் உங்கள் படங்களைப் பார்க்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். அரங்கின் இணையத்தை நம்பியும் இருக்க வேண்டியிருக்கும். எனக்கு அதில் விருப்பமில்லை.

நான் எப்போதும் கூடவே ஒரு வீடியோவும் எடுத்துச் செல்வேன். பவர்பாயிண்டில் `File`, `Export`, `Create a Video` என்று போய், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 20 நொடி கொடுத்தால் எம்பி4 கோப்பு கிடைக்கும். எந்தக் கணினியிலும் ஓடும். கறுப்பு ஸ்லைடு இரண்டையும் எடுத்துவிட்டுச் செய்யுங்கள், 6:40 சரியாக வரும்.

தலைப்பு ஸ்லைடு போலத் தமிழ் எழுத்து எதையாவது தட்டச்சு செய்திருந்தால் அதைப் படமாக மாற்றிவிடுங்கள். ஒரு அரங்கில் என் தலைப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அந்தக் கணினியில் நான் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. ஸ்லைடை ஜேபெக்காகச் சேமித்து அதையே திரும்பச் செருகினால் இந்த வம்பு இல்லை.

இன்னொன்று, இருட்டுப் படங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் இரவுக் காட்சி, விளக்கு எரியும் அரங்கில் புரொஜெக்டரில் போட்டால் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும். எங்களுக்கோ இருபதாவது படமே இரவுப் படம். இரண்டு நாள் முன்னால் அரங்குக்குப் போய்ப் போட்டுப் பார்த்தோம். ஷட்டர் தெரிந்தது, எழுத்து தெரியவில்லை. அன்று இரவே குறியில் நின்று மறுபடி எடுத்தோம். பக்கத்து மருந்துக்கடை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். அதன் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததில் மஞ்சள் எழுத்து எடுத்துக்கொடுத்தது.

ஒத்திகை

மனப்பாடம் செய்யாதீர்கள், தாளைப் பார்த்தும் படிக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதல் வாக்கியம் மட்டும் சொல்லுக்குச் சொல் நினைவிருந்தால் போதும். அந்தப் படம் வந்ததும் அந்த வாக்கியம் வாயில் வரும் அளவுக்குப் பழகுங்கள். மீதி தானாக வரும்.

ஒத்திகையைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். மூன்று இடத்தில் மட்டும் நேரம் பாருங்கள்: ஆறாவது படம் 1:40இல் வரும், பதினொன்றாவது 3:20இல், பதினாறாவது 5:00இல். அந்த இடங்களில் பழைய படத்தின் வாக்கியம் இன்னும் வாயில் இருந்தால் அதற்கு முந்தைய கட்டில் சொல் அதிகம். வேகமாகப் பேசிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஒரு வாக்கியத்தை வெட்டுங்கள். தோழி நான்காவது ஒத்திகையில்தான் மூன்று இடத்திலும் சரியாக நின்றாள். அதற்குள் பேச்சு மொத்தம் 410 சொல்லாகக் குறைந்திருந்தது.

மேடையில் பிந்திவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரையில் இருக்கும் படத்தின் முதல் வாக்கியத்துக்குத் தாவுங்கள். விட்ட வாக்கியம் யாருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்டால்தான் தெரியும், அதற்கும் மூன்று நொடி போகும். முந்திவிட்டால் இன்னும் எளிது: சும்மா நில்லுங்கள், படத்தைத் திரும்பிப் பாருங்கள். நீங்கள் பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

போவதற்கு முன் மடிக்கணினியில் அறிவிப்புகளை நிறுத்துங்கள், திரை தூங்கிப்போகும் அமைப்பை அணையுங்கள், மின்கம்பியைச் செருகுங்கள்.

அன்று மாலை பதினெட்டாவது படத்தில் முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். பத்தொன்பதில் இன்னும் சிலர். இருபதாவது வந்ததும் தோழி மைக்கைக் கீழே இறக்கிவிட்டுத் திரைப் பக்கம் திரும்பி நின்றாள். அவளுடைய அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். 20 நொடியும் முடிந்து கறுப்பு வந்த பிறகு என்னிடம் குனிந்து, “ரெண்டாவது எழுத்துல கால் கொஞ்சம் குட்டையாப் போச்சு, பாத்தியாப்பா?” என்றார்.